அமோக அறிக்கை, விழுந்த பங்கு

சீனன்குடாத் தாங்கிகளைப் பார்த்தபடியே லங்கா ஐ.ஓ.சி.யின் காலாண்டு அறிக்கையைப் புரட்டும் திருகோணமலைப் பங்கு வியாபாரி, வருமானம் எகிறியிருந்தால் உடனே பரவசமாவார். 2022 ஜனவரியில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் கடைசியில் 470 ரூபாய். விற்ற லீற்றர் பாதியாகச் சுருங்கினாலும் வருமானம் மூன்றிலொரு பங்கு கூடியே தெரியும். பரவசப்படுமுன் லீற்றரை எண்ணியிருக்கலாம்.

இலாபமும் அப்படித்தான். மலிவாக வாங்கித் தாங்கியில் கிடந்த எண்ணெய், விலையேறிய பிறகு விற்றால் கொழுத்த இலாபம். அது ஒருமுறைதான். விலை இறங்கினால் அதே தாங்கி நட்டத்தைக் கக்கும்.

அடுத்த காலாண்டு எப்படியிருக்கும்? அமெரிக்க நிறுவனங்கள் பல தாமே ஓர் எண்ணை முன்கூட்டிச் சொல்லும். இங்கே அந்தச் சோதிடத்தை மாதக் கடைசி நள்ளிரவு விலைத் திருத்தம் பார்த்துக்கொள்கிறது. இலாபம் மலையாகத் தெரிந்தாலும், அடுத்தது விலைக்குறைப்பு என்று சந்தை மோப்பம் பிடித்தால் பங்கு சரியும்.

இன்னொன்று: காலாண்டு முடிந்து அறிக்கை வர வாரக்கணக்காகும். எரிபொருள் வரிசையில் நின்றபோதே இலாபத்தை ஊகித்தவர் அதற்குள் பங்கை வாங்கி விலையை ஏற்றிவிட்டிருப்பார். அறிக்கை வரும் காலையில் அவர் விற்கிறார்; தலைப்புச் செய்தியை மட்டும் படித்த நம் ஆள் பெருமையோடு வாங்குகிறார்.