ஆட்சேபணை இல்லை என்பதில் ஓர் ஆட்சேபணை

கேஸ் கனெக்‌ஷன் மேல் நம் ஹவுஸ் ஓனருக்கு ஒரு பகையும் கிடையாது. "தாராளமா வாங்கிக்கோங்க தம்பி, சமைக்காம எப்படி இருப்பீங்க?" என்பார். கையெழுத்து என்றதும்தான் முகம் மாறும்.

ஏஜென்சியில் கேட்டது மூன்றே தாள்: வாடகை அக்ரிமென்ட், ஈ.பி. கார்டு நகல், ஓனரின் என்.ஓ.சி. லெட்டர். அவருக்கு வேலை வைக்க வேண்டாமென்று லெட்டரை நானே டைப் அடித்துக் கொண்டுபோனேன். "இன்னார் என் வீட்டு முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார். இந்த முகவரியில் கேஸ் இணைப்பு பெற எனக்கு ஆட்சேபணை இல்லை." இரண்டே வரி.

முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கை அவருடையது. ஊஞ்சலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிவப்பு ரீஃபில் பேனாவைத் திறந்தார். முதல் ஞாயிறு, 'குடியிருக்கிறார்' அடிபட்டது. "அது உரிமை மாதிரி தொனிக்குது. 'தங்கியிருக்கிறார்'னு போடுங்க." அடுத்த ஞாயிறு 'வாடகைக்கு' போனது, வருமான வரிக்காரன் கண்ணில் பட்டால்? மூன்றாவது ஞாயிறு 'என் வீட்டு' என்பதில் பேனா நின்றது. ஈ.பி. கார்டு இன்னும் காலஞ்சென்ற மாமனார் பெயரில் இருக்கிறதாம். நான்காவது ஞாயிறு மிஞ்சியிருந்தது ஆட்சேபணை மட்டும். அதையும் விடவில்லை. "'இல்லை'ன்னு ஒரேயடியா எப்படிச் சொல்றது? 'தற்சமயம் எழவில்லை'ன்னு போடுவோம்."

கடைசியில் கையெழுத்தானது இது: "இன்னார் இம்முகவரியில் தற்காலிகமாகத் தங்கியிருப்பதாகத் தெரிகிறது. கேஸ் இணைப்பு குறித்து எனக்குத் தற்சமயம் ஆட்சேபணை எழவில்லை. பின்னால் எது எழுந்தாலும் நான் பொறுப்பல்ல."

ஏஜென்சிப் பெண் இரண்டு முறை படித்தாள். "சார், இது ஓனர் குடுத்ததா, எதிர்வீட்டுக்காரர் குடுத்ததா?" ஈ.பி. கார்டைப் புரட்டினாள். அதில் மாமனார் பெயர், கொட்டிவாக்கம் கிராமம், செங்கல்பட்டு மாவட்டம். கிராமம் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, 2018-இல் மாவட்டமும் சென்னையாகிவிட்டது. கார்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கான 2,200 ரூபாய் டெபாசிட் பையிலேயே திரும்பி வந்தது.

இவருடைய பயத்துக்கும் ஒரு கதை உண்டு. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், காலி செய்யாத குடித்தனக்காரர் மேல் வழக்குப் போட்டு, மகன் காலத்தில் தீர்ப்பு வாங்கிய குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தக் கிலி ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு tenancy.tn.gov.in என்று தளமே இருக்கிறது. பதிந்தால் 'இவர் வாடகைக்காரர்' என்று அரசாங்கமே எண் போட்டுக் கொடுக்கும். வீட்டைக் காப்பாற்ற அதைவிட நல்ல தாள் எது? கேஸ் பில்லை வைத்து யாரும் வீட்டைப் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. வாடகைக்காரன் என்று எழுதிக் கொடுப்பதே, சொந்தக்காரன் இல்லை என்பதற்கு அத்தாட்சி. அது புரியாமல், அந்த வார்த்தையையே அடிக்கிறார்கள். பதியச் சொன்னாலோ, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று அதே சட்டம் சொல்வது ஞாபகம் வந்துவிடும். நான் கொடுத்ததோ பத்து மாசம். அதை வாங்கும்போது சிவப்புப் பேனா திறக்கவே இல்லை.

அடையாள அட்டையை மட்டும் காட்டினால் கிடைக்கிற ஐந்து கிலோ குட்டிச் சிலிண்டரில் ஒரு மாதம் ஓடியது. ஓர் இரவு ரசம் கொதிக்கும் நேரம் பார்த்து அது தீர்ந்தது. கீழே போய் நின்றேன். எழுபது வயது மனிதர் ஒரு வார்த்தை பேசாமல், தன் வீட்டு உபரி சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, படிப்படியாகத் தூக்கி மாடியேற்றி வைத்தார். மூச்சு வாங்கியது. "சட்டப்படி இப்படி மாத்திக்கக் கூடாது தம்பி. வெளிய சொல்லிடாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இதை வாங்கிக்கிட்டேன்னு எழுதித் தரட்டுமா?"

கொஞ்சம் யோசித்தார். "எழுதிக் கொண்டாங்க. ஞாயித்துக்கிழமை பார்த்துத் திருத்தித் தரேன்."