கொசோவோவும் உலக நீதிமன்றமும்

கேள்வி: ஒடுக்கப்பட்ட மக்கள் பிரிந்து போகலாம் என்று கொசோவோ வழக்கில் உலக நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?

பதில்: சொல்லவில்லை. செர்பியாவிலிருந்து பிரிந்து கொசோவோ 2008-இல் செய்த சுதந்திரப் பிரகடனம் சர்வதேச சட்டத்துக்கு ஒத்ததா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டது. கேட்க வைத்ததே செர்பியாதான். 2010-இல் நீதிபதிகள் 10-4 என்ற கணக்கில், ‘பிரகடனம் சட்டத்தை மீறவில்லை’ என்றார்கள். பிறர் எல்லையைக் குலைக்காதே என்ற விதி நாடுகளுக்கு இடையிலானது. உள்ளே இருக்கும் மக்களின் வாயை அது கட்டாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

காலனி மக்களுக்குப் பிரியும் உரிமை உறுதியானது. சொந்த அரசே துரத்தியடித்தால் கடைசிப் பரிகாரமாகப் பிரியலாமா? 1989-இல் தன்னாட்சியைப் பறிகொடுத்து, 1999-இல் லட்சக்கணக்கில் விரட்டப்பட்ட கொசோவோவின் அல்பேனியர்களுக்கு அதுதான் உயிரான கேள்வி. ‘இது எங்களிடம் கேட்கப்படவில்லை’ என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அதில் கடும் வருத்தம்.

பிரகடனம் செய்ய வாய் போதும். நாடாக வாழப் பிறர் அங்கீகாரம் வேண்டும். 1971-இல் பிரிந்த வங்கதேசத்துக்கே, பாகிஸ்தான் அங்கீகரித்த 1974-இல்தான் ஐ.நா.வில் இடம் கிடைத்தது. செர்பியா இன்னும் மனம் இறங்கவில்லை. பாதுகாப்பு அவையில் ரஷ்யாவின் வீட்டோவும் காத்திருப்பதால், கொசோவோ ஐ.நா.வுக்கு வெளியேதான் நிற்கிறது.