டோக்கன் அக்காவின் குறுஞ்செய்தி

டோக்கன் அக்கா எனப்படுபவர் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துக் கிளினிக்குகளில் வாசல் மேசைக்குப் பின்னால் காணப்படுவார். வயது வரம்பு கிடையாது. மேசையில் இருப்பது இருபது வயதுப் பெண் என்றாலும் அறுபது வயதுப் பெரியவர் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். டோக்கன் அவர் கையில் அல்லவா இருக்கிறது. இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், வலது கையில் பேனா, பார்வை மட்டும் வரிசையில் யார் இடையில் நுழைகிறார் என்பதில்.

நேரில் அவர் பேச்சில் குறை சொல்ல முடியாது. “சார் வெளியூர் போயிருக்காவ பெரியம்மா. திங்கக்கிழமை வந்துருவாவ. மாத்திரைய விட்டுராதீங்க, என்ன? சாப்பிட்டுட்டு வந்துராதீங்க, ரத்தம் எடுக்கணும்.” நான்கே வாக்கியத்தில் காரணம், நாள், மருந்து, பரிசோதனை எல்லாம் வந்துவிட்டது. அதே அக்கா போனை எடுத்துத் தட்டும்போது வருவது இவ்வளவுதான்: “சார் இல்ல. நாளைக்கு வாங்க.”

சாரல் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தச் செய்திகள் பெருகும். டாக்டரின் உறவினர்களுக்கெல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான் டாக்டர் மேல் பாசம் பொங்கும். அருவிக் குளியலும் அவர்களோடு சேர்ந்துவரும். புதன்கிழமை சாயங்காலம் விருந்தாளிகள் வந்து இறங்கினால், அடுத்த கால் மணியில் அக்காவின் போன் வேலை செய்யத் தொடங்கும்.

அந்தச் செய்தியைப் பெறுபவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். பாவூர்சத்திரத்தில் ஒரு பெரியவர் போனைப் பார்க்காமலே தூங்கிப்போனவர். வியாழன் விடிகாலை எழுந்து படிக்கிறார். அவர் கணக்கில் ‘நாளை’ வெள்ளி. அக்காவின் கணக்கில் வியாழன். வெள்ளிக்கிழமை வந்து நிற்கிறார். அன்று டாக்டருக்கு விடுமுறை. கடையநல்லூரில் ஒரு வீட்டில் ‘சார் இல்ல’ என்பதைப் படித்த மருமகள் சத்தம்போட்டு அழுதுவிட்டதாகவும், மாமியார் மாலை வாங்க ஆளனுப்பியதாகவும் ஒரு கதை உலவுகிறது. அதை நம்பாவிட்டாலும், செய்தியில் அதற்கு இடமிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இந்தச் சுருக்கத்துக்கு அக்காவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் என்றால் 70தான். அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். கண்ணுக்கு நான்கெழுத்தாகத் தெரியும் ‘டோக்கன்’ போன் கணக்கில் ஏழு. அந்த நெருக்கடியில் எழுதிப் பழகிய கை, இடத்துக்குப் பஞ்சமே இல்லாத வாட்ஸ்அப்புக்கு வந்த பிறகும் அதே சிக்கனத்தை விடவில்லை.

சர்க்கரை நோயாளி விஷயத்தில் சிக்கனம் சிரிப்போடு நிற்பதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பட்டினியோடு பஸ் ஏறுகிறார். காலையில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துவிட்டு வந்தவராக இருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பஸ்ஸிலேயே மயங்கவும் கூடும். இன்னொரு சிக்கல், மருந்து 30 நாளைக்கு எழுதப்பட்டிருக்கும். ஐந்து நாள் தள்ளிப்போனால் கடைசி ஐந்து நாள் மாத்திரை இல்லை. “டாக்டரைப் பார்க்காம வாங்கலாமா?” என்ற யோசனையிலேயே பலர் அந்த ஐந்து நாளையும் ஓட்டிவிடுவார்கள்.

இதையெல்லாம் சீர்செய்ய அக்கா முதலில் நாடுவது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை. எல்லாக் கிளினிக்கிலும் ஒருவர் இருப்பார். ரத்தக்கொதிப்புக்கு மாதம் ஒருமுறை, செய்தித்தாளுக்குத் தினமும் வருவார். அவர் திருத்தியது இப்படி வரும்: “பெருமதிப்பிற்குரிய நோயாளிப் பெருமக்களே, தவிர்க்கவியலாத காரணங்களால் மருத்துவர் அவர்களின் வருகை ஒத்திவைக்கப்படுகிறது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” பிழை ஒன்றும் இல்லை, நாளும் இல்லை. ‘ஆழ்ந்த வருத்தம்’ சேர்ந்ததில் கடையநல்லூர் மாமியாரின் சந்தேகம் உறுதிப்பட்டதுதான் மிச்சம்.

உருப்படியான அறிவிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கு அக்கா தாம் நேரில் பேசுவதை அப்படியே வரிசைப்படுத்தினால் போதும்:

“வணக்கம் பெரியம்மா. கிளினிக்கிலிருந்து எழுதுகிறோம். ஜூலை 17 வியாழன் காலை உங்களுக்குக் கொடுத்த நேரம் ஜூலை 21 திங்கள் காலை 9.15க்கு மாறியிருக்கிறது. டாக்டர் நலமாக இருக்கிறார், வெளியூர் போயிருக்கிறார். உங்கள் டோக்கன் எண் 6 மாறாது. வியாழன் பட்டினி இருக்க வேண்டாம், வழக்கம்போல் சாப்பிட்டு மருந்து எடுங்கள். திங்கள் அன்றுதான் வெறும் வயிற்றில் வர வேண்டும். அன்றைய மருந்தையும் கையில் கொண்டுவாருங்கள். மாத்திரை அதுவரை போதாது என்றால் இன்றே இந்த எண்ணுக்குப் பேசுங்கள், டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம். உடம்புக்கு முடியாமல் போனால் திங்கள்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐக் கூப்பிடுங்கள். பார்த்ததும் ‘சரி’ என்று அனுப்புங்கள்.”

பழைய நாளும் புதிய நாளும் கிழமையோடு இருப்பதால் எப்போது படித்தாலும் பொருள் மாறாது. டோக்கன் எண்ணைச் சொன்னதில் பாதி பயம் போய்விடும். மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டுமோ என்பதுதான் நோயைவிடப் பெரிய கவலை. ‘டாக்டர் நலமாக இருக்கிறார்’ என்பது மாலைச் செலவைத் தடுக்கும். நேரம் 9.15 ஆனதற்கும் காரணம் உண்டு. திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம். எட்டு மணி என்று எழுதினால் பலர் தாங்களாகவே அதை 9.15 ஆக மாற்றிக்கொண்டு மொத்தமாக வந்து நிற்பார்கள்.

எழுதாமல் விட்டதும் கவனிக்க வேண்டியதே. ‘சர்க்கரை’ என்ற சொல் அறிவிப்பில் எங்கும் இல்லை; போன் பேரன் கையில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துக் காட்டுவார். எந்த மாத்திரை, எத்தனை என்பதையும் அக்கா எழுதுவதில்லை, அது டாக்டர் சொல்ல வேண்டியது. டாக்டர் எங்கே போனார் என்பதும் தேவையற்றது. ‘ஐந்தருவி’ என்று எழுதிவிட்டால் நோயாளிகளும் அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.

‘சரி’ என்று பதில் வராதவர்களுக்கு அக்கா போன் செய்கிறார். கடையம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் பலரிடம் இருப்பது பட்டன் போன். சிலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். வெறும் வயிற்றோடு வர வேண்டியவர்களை ராத்திரி எட்டுக்குள் கூப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் காலை கூப்பிட்டால் அவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள்.

இப்படி அறிவிப்பு போன பிறகு கிளினிக்குக்கு வரும் போன்கள் குறைந்துவிடும். நிற்காமல் வருவது ஒரே கேள்விதான்: “திங்கக்கிழமை அருவியில குளிக்க விடுவாவளா?” மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டினால் போலீஸ் தடை போடும், மழை குறைந்தால் சில மணி நேரத்தில் எடுத்தும்விடுவார்கள். அதனால் அதை மட்டும் அக்கா எழுதிக் கொடுப்பதில்லை.