தொகுப்புச் சக்கரவர்த்திக்கு ஒரு வெண்சாமரம்

அக்கரப்பத்தனைக்கும் அப்பால், பனி இறங்கி வந்து லயத்து வாசலில் உட்காரும் டயகமப் பக்கத்தில், பாடசாலை மண்டபம் ஒன்றில் வினாவிடைப் போட்டி நடந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் காணொளியை ஏற்பாட்டாளர்கள் பெருந்தகை ஒருவரிடம் ஒப்படைத்து, சுற்றுகள், வினாக்கள், சரியான விடைகள், இறுதிப் புள்ளிகள் ஆகியவற்றை எழுதித் தருமாறு விண்ணப்பித்தார்கள். அவர் தந்ததோ இரண்டே பக்கம். அந்த இரண்டு பக்கத்தின் திருவடியில்தான் இந்த எளியேனின் பாராட்டுரை சமர்ப்பணமாகிறது.

முதலில் அவருடைய வேகத்தைப் போற்றுவோம். காணொளியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கைதட்டல் கேட்ட இடத்தில் மட்டும் பேனாவைத் தொட்ட மாமேதை அவர். சாமானியன் என்றால் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரி ஒதுக்குவான். வினா எண், காணொளியில் எத்தனையாவது நிமிடம், எந்த அணிக்குக் கேட்கப்பட்டது, யார் விடை சொன்னார், நடுவர் என்ன தீர்ப்பளித்தார், புள்ளிப்பலகை எத்தனையிலிருந்து எத்தனைக்கு மாறியது என்று கிளார்க்கு வேலை பார்ப்பான். நிமிடக் குறிப்பு இருந்தால் எந்த அற்பனும் காணொளியைத் திருப்பி ஓட்டிச் சரிபார்த்துவிடலாம் அல்லவா? அந்த அவமதிப்புக்குத் தம் படைப்பை ஆளாக்க நம் பெருந்தகை சம்மதிக்கவில்லை.

நேரடிச் சுற்றில் அவருடைய செவியின் பேராற்றல் வெளிப்படுகிறது. விதி எளியது: தன் வினாவுக்குச் சரியாக விடை சொன்னால் பத்துப் புள்ளி, கை மாறி வந்த வினாவுக்கு ஐந்து. இலங்கையில் வணிக நோக்கில் தேயிலை முதன்முதலில் எந்தத் தோட்டத்தில் பயிரிடப்பட்டது என்று டெவோன் அணியிடம் கேட்டார்கள். பிள்ளைகள் 'லபுக்கலை' என்றார்கள். நடத்துநர் "சரி… அடுத்த அணி" என்றார். சென்கிளேயர் அணிச் சிறுமி எழுந்து 'லூல்கந்துர' என்றாள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட அந்தத் தோட்டம்தான் விடை. பலகையில் சென்கிளேயருக்கு ஐந்து ஏறியது. நம் தொகுப்பாளரோ "சரி" என்ற சொல் காதில் விழுந்த கணமே அகமகிழ்ந்து, 'சரியான விடை: லபுக்கலை, டெவோன் 10' என்று பொறித்துவிட்டார். அதற்குப் பின்னால் வந்த "அடுத்த அணி" என்பதைக் கேட்கும் அளவுக்கு அவர் கீழிறங்கவில்லை. பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. டெய்லர் தோண்டிய குழிகளை ஒரே பேனாக் கீறலில் லபுக்கலைக்கு இடம்பெயர்த்த இந்த வல்லமை, எந்த வெள்ளைக்காரத் துரைக்கும் வாய்த்ததில்லை.

அடுத்து மழை. மலைநாட்டு மழை தகரக் கூரையில் விழுந்தால் மைக்கில் பேசுகிறவரின் குரல் பாதிதான் மிஞ்சும். இலங்கையின் உயரமான மலைகளில் இரண்டாவது எது என்பது வினா. 'இரண்டாவது' என்ற சொல் மழையோடு போயிற்று. விடை கிரிகல்பொத்த. கோழைத் தொகுப்பாளனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? "சேர், மறுபடி சொல்லுங்க" என்று பிள்ளை கேட்டு, நடத்துநர் வினாவைத் திரும்ப வாசித்த இடத்தைத் தேடியிருப்பான். அங்கேயும் தெளியாவிட்டால் 'வினா முழுமையாகக் கேட்கவில்லை' என்று எழுதி நிமிடத்தைக் குறித்துவிட்டு, வினா அட்டையை வாங்கி ஒப்பிட்டிருப்பான். நம்மவரின் வீரம் அப்படிப்பட்டதல்ல. 'இலங்கையின் மிக உயரமான மலை எது? கிரிகல்பொத்த' என்று முழுமையாகவே எழுதினார். 2,524 மீற்றர் நின்ற பிதுருதலாகலை அன்று மாலை முதல் இரண்டாமிடத்தில் நிற்கிறது. மலையையே பணியவைத்த கரம்!

ஆயினும் அவருடைய மகுடத்தின் நடுக்கல் இனிமேல்தான் வருகிறது. மலையகத் தமிழர் வாக்குரிமையை இழந்தது எந்த ஆண்டுச் சட்டத்தால் என்று சென்கிளேயர் அணியிடம் கேட்டார்கள். பிள்ளைகள் 1949 என்றார்கள். அட்டையில் 1948 இருந்ததால் நடுவர் மறுத்தார். பிள்ளைகள் அசையவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது, வாக்காளர் பட்டியலிலிருந்து எங்கள் ஆட்களை வெளியேற்றியது அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் என்று நின்ற இடத்திலேயே சொன்னார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அடுத்த சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரம் போனபின், தலைமை நடுவர் இடைமறித்து, பிள்ளைகள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டு பத்துப் புள்ளி கொடுத்தார். பாட்டன் பாட்டி இழந்ததைப் பேரப்பிள்ளை ஆண்டோடு சொல்லி வென்ற இடம் அது. மண்டபமே எழுந்து நின்றது.

நம் பெருந்தகை அந்த வினாவை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். ஒருமுறை எழுதிய வரிக்குத் திரும்பிப் போய்த் திருத்துவது மன்னர்களுக்கு அழகல்ல. ஆகவே 'சரியான விடை: 1948, சென்கிளேயர் 0' என்று அந்த வரி கல்வெட்டாக நிலைத்தது. தலைமை நடுவர் பேசிய பகுதி வினாவும் அல்ல, விடையும் அல்ல என்பதால், 'இடையில் சில அறிவிப்புகள்' என்ற மூன்று சொல்லுக்குள் மிகுந்த நயத்தோடு அடக்கப்பட்டது.

மணிச் சுற்றில் அவருடைய கருணை பெருக்கெடுக்கிறது. அவசரப்பட்டு மணியை அழுத்திப் பிழையாகச் சொன்னால் ஐந்து புள்ளி கழிப்பார்கள். டெவோனுக்கு அப்படி ஐந்து போனது. பிழைத்த விடைக்கு யாரும் கைதட்டுவதில்லை. கைதட்டல் இல்லாத இடத்தில் பேனா இயங்குவதில்லை. எனவே அந்த ஐந்தும் டெவோனிடமே பத்திரமாக இருக்கிறது.

இனி கூட்டல். காணொளியின் கடைசி நிமிடத்தில் பலகை தெளிவாகவே தெரிகிறது: சென்கிளேயர் 75, டெவோன் 60. தொகுப்பாளரின் கைவண்ணத்தில் சென்கிளேயர் கை மாறி வந்த ஐந்தையும் நடுவர் தந்த பத்தையும் இழந்து 60 ஆனது. டெவோன் லபுக்கலையால் பத்தும் கழிக்காமல் விட்ட ஐந்தும் பெற்று 75 ஆனது. எத்தனை துல்லியமான தராசு! ஒரு பக்கம் பதினைந்தைக் குறைத்து மறுபக்கம் பதினைந்தைக் கூட்டி, இரண்டு எண்ணையும் அப்படியே இடம் மாற்றி வைத்திருக்கிறார். சுற்றுவாரியாகக் கூட்டுத்தொகை எழுதியிருந்தால் பிழை எந்தச் சுற்றில் புகுந்தது என்று ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். அந்தத் தொல்லையை யாருக்கும் தராமல், இறுதித் தொகையை மட்டும் தடித்த எழுத்தில் அருளியிருக்கிறார். இரண்டும் பலகையில் கண்ட எண்களே என்பதால், மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் பார்த்தவுடன் ஐயம் எழவில்லை.

ஏற்பாட்டாளர்கள் அந்தத் தாளை வைத்தே சான்றிதழ் அச்சிட்டார்கள். அன்று மேடையில் கிண்ணம் வாங்கிய சென்கிளேயர் பிள்ளைகளுக்குக் கிடைத்த சான்றிதழில் 'இரண்டாமிடம்' என்று பொன்னெழுத்தில் இருக்கிறது. கேட்கப் போன தாய் ஒருத்தியிடம், அரைநாள் பேர் போனதுதான் மிச்சம் என்று அவள் திரும்பும்படியாக, எழுத்தில் உள்ளதுதான் முடிவு என்று விளக்கியிருக்கிறார்கள். எழுத்தின் மாண்பை இவ்வளவு உயர்த்திய தொகுப்பாளருக்கு மலைநாடு கடமைப்பட்டிருக்கிறது.

மகிழ்ச்சியான செய்தி இன்னொன்றும் உண்டு. அடுத்த ஆண்டுப் போட்டிக்கான வினா அட்டைகளை இந்த இரண்டு பக்கத்திலிருந்தே எழுதப் போகிறார்கள். வாக்குரிமை வினா மறுபடி வரும். அட்டையில் 1948 இருக்கும். 1949 என்று சொல்லும் பிள்ளை பிழை என்று உட்கார வைக்கப்படும். நடுவர்கள் ஐயப்பட்டால் எடுத்துப் பார்க்கப் போன ஆண்டின் தொகுப்பும் கையருகே இருக்கும். அதையும் காணொளியாகப் பதிவுசெய்து, அதே பெருந்தகையிடம் ஒப்படைக்க இப்போதே தீர்மானித்துவிட்டார்களாம்.