பட்ஜெட்டும் கேஸ்கெட்டும்

எங்கள் வீட்டு யூடியூப் சேனலில் இரண்டு கட்சிகள். நான் ட்ரெண்டிங் கட்சி, வீட்டம்மா எவர்கிரீன் கட்சி. டெபாசிட் யாருக்குப் போனது என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று நிர்மலா சீதாராமன் சொன்னாரோ இல்லையோ, நான் சட்டையை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே லுங்கிதான். அது ஃபிரேமில் வராது. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்தால் 12.75 லட்சம் என்று நுணுக்கமெல்லாம் பேசினேன். அதே வாரம் வீட்டம்மா ஒரு வீடியோ போட்டாள். குக்கரில் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போனால் என்ன செய்வது? கேஸ்கெட் தளர்ந்திருக்கிறதா பார், வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு அடைத்திருக்கிறதா பார். அவ்வளவுதான். முகம்கூடக் காட்டவில்லை, வளையல் மட்டும்தான்.

அன்று ராத்திரி என் வியூஸ் ஏறிய வேகத்தைப் பார்த்து, வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். குக்கரை அண்டை வீட்டார் மட்டும் பார்த்திருந்தார்கள். "கவலைப்படாதே, போகப் போகச் சரியாகும்" என்று பெரிய மனது பண்ணி ஆறுதல் சொன்னேன். அந்த வார்த்தையை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஒரு வாரம் போனதும் என் கோடு தரையில் படுத்துவிட்டது. யாரோ நம் வீடியோவை அமுக்குகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸைத் திறந்து, பார்வையாளர் எந்த வழியாக வருகிறார்கள் என்ற பகுதியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் கூட்டம் பெரும்பாலும் யூடியூப் முகப்புப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. முகப்பு என்பது, ஆளுக்கு இன்று எதில் ஆசை என்று பார்த்துப் பரிமாறும் பந்தி. வீடியோவைக் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் தொட்டு, உட்கார்ந்து பார்த்தால் இன்னும் பலருக்குக் காட்டும். தொடாமல் தள்ளிக்கொண்டு போனால் காட்டுவதைக் குறைக்கும். பட்ஜெட் ராத்திரி ஊரே வரியைப் பற்றிக் கவலைப்பட்டது. அடுத்த வாரம் ஊர் வேறு கவலைக்குப் போய்விட்டது, பரிந்துரையும் அதன் பின்னாலேயே போய்விட்டது. எந்த வீடியோவுக்கும் இத்தனை நாள் என்று கெடு கிடையாது. பார்ப்பவரின் அவசரம்தான் அதன் ஆயுள்.

வீட்டம்மாவின் ஆட்களோ தேடல் வழியாக வந்தார்கள். எங்கோ ஒரு வீட்டில் தினமும் ஒரு கேஸ்கெட் தளர்கிறது. அடுப்பில் குக்கர் சீறும்போது தேடுகிறவர், கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அப்படிச் சில மாதம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததும், மற்ற சமையலறை வீடியோக்களுக்குப் பக்கத்தில் யூடியூப் இதையும் பரிந்துரைக்க ஆரம்பித்துவிட்டது. என் கோடு படுத்தே கிடக்க, அவள் கோடு எழுந்து உட்கார்ந்தது.

நான் விடுவேனா? என் வீடியோவின் தலைப்பை 'வருமான வரி கணக்கிடுவது எப்படி' என்று மாற்றினேன். தேடியவர்கள் வரத்தான் செய்தார்கள். உள்ளே நான் "இன்று காலை நாடாளுமன்றத்தில்..." என்று ஆரம்பித்ததும், வந்த வேகத்தில் போனார்கள். எத்தனாவது நொடியில் எத்தனை பேர் கழன்றார்கள் என்று ஒரு வரைபடம் காட்டும். அதில் என் முன்னுரை ஒரு மலைச்சரிவு. தலைப்பை மாற்றலாம், வாயை மாற்ற முடியாது.

எவர்கிரீன் என்றால் சாகாவரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆன்லைனில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று நீங்கள் போட்ட வீடியோ, அந்த இணையதளத்தின் பட்டன் இடம் மாறிய அன்றே கிழடாகிவிடும். தலைப்பில் வருஷத்தைப் போட்டால் அடுத்த ஜனவரியில் நீங்களே அதற்குத் திதி குறித்த மாதிரி. அவள் தலைப்பில் வருஷமும் இல்லை, பேச்சில் 'இன்று'ம் இல்லை. குக்கர் மூடியும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதாக இல்லை.

"ஏங்க, நியூஸ் போட வேணாம்னு சொல்லலை. அன்னிக்கு வர்ற கூட்டத்துக்கு நாலு நாள் கழிச்சும் பார்க்கிற மாதிரி ஒண்ணைக் கையில வெச்சிருங்க" என்றாள். சரி என்று, பழைய வரி முறையா புதியதா எனத் தேர்ந்தெடுப்பது பற்றி நிதானமாக ஒரு வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். வெளியிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.

அதுவரை எனக்கு ஒரு பதவி கொடுத்திருக்கிறாள். குக்கர் வீடியோவுக்கு வரும் கமெண்ட்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. "ரொம்ப நன்றி அக்கா, விசில் வந்துடுச்சு" என்று எழுதுகிறார்கள். நானும் மறுப்புச் சொல்லாமல், "சந்தோஷம்மா" என்று போட்டுவிடுகிறேன்.