ஒரு நாள் மூத்தவள்

ஆகஸ்டு வந்தால் ஈப்போ டவுனில் கொடி முளைக்கும். போன வருஷம் ஒரு கடை வாசலில் தொங்கிய துணிப்பதாகை: ‘மலேசியாவின் 68-ஆவது பிறந்தநாள்.’

மலேசியாவுக்கு ஏது 68? மலாயா விடுதலையானது 1957 ஆகஸ்டு 31-இல். சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்த மலேசியாவுக்கும் அதே ஆகஸ்டு 31-ஐத்தான் 1963-இல் குறித்திருந்தார்கள். இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் முரண்டு பிடிக்க, சபா, சரவாக் மக்களின் மனமறிய ஐ.நா. குழு வந்தது. நாள் செப்டம்பர் 16-க்குத் தள்ளிப்போனது. ஆக, போன வருஷம் மலேசியாவுக்கு 62 வயது. அந்தச் செப்டம்பர் 16-க்கு நாடு முழுக்க லீவு கிடைத்ததே 2010-இல்தான். சொந்தப் பிறந்தநாளை ஞாபகம் வைக்க 47 வருஷம்!

எண்ணிக்கையிலும் ஒரு கூத்து உண்டு. விடுதலை பெற்ற அன்றையே முதல் சுதந்திர தினமாகக் கணக்கில் சேர்ப்பது இந்தியா. அதனால் 78 வருஷம் நிறைந்த 2025-இல் 79-ஆவது தினம். நாமோ 1957-ஐக் கழித்துவிட்டு 68 என்கிறோம். நிறைந்த வருஷமா, வந்துபோன தினமா என்று கேட்டால் வழக்கு தீர்ந்தது. இரண்டும் சரிதான். மேடையில் பேசுகிறவர்கள் மட்டும் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

தன் வயதில் இப்படித் தாராளம் காட்டும் நாடு, தோட்டத்துப் பிள்ளையின் வயதில் தங்கம் நிறுப்பதுபோல் நிறுத்தது. 1957 ஆகஸ்டு 31 அன்றோ அதற்குப் பின்னோ மலாயாவில் பிறந்தால் தானாகக் குடியுரிமை என்றது அரசமைப்புச் சட்டம். (அந்தத் தாராளமும் ஐந்து வருஷம்தான், 1962-இல் பெற்றோரின் தகுதியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.) ஒரு நாள் முந்திப் பிறந்தாயா? கப்பலேறி வந்த அப்பா அம்மாவின் பிள்ளையா? அப்படியானால் பதினெட்டு வயதுக்குப் பின் மனுப் போடு, குடியிருந்ததைக் காட்டு, நன்னடத்தையை நிரூபி, மலாய் பேசு. பிரிட்டிஷ் கொடி நள்ளிரவில் இறங்கியது. லயத்தில் பிரசவம் பார்த்த ஆயாவிடம் கடிகாரம் இருந்ததா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் என் அத்தை. பிறப்புச் சூராவில் கிராணி எழுதிய தேதி: 1957 ஆகஸ்டு 30. தாத்தாவுக்குச் சிவப்பு ஐ.சி. 1969-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது, முப்பது வருஷமாகத் தான் சீவிய பால்மரத்தைத் தொடவே அவர் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. மனுவும் பாரமுமாக அலைந்த அத்தையின் கையிலும் இன்றுவரை சிவப்புதான். தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் திட்டமும் ஆகிவிட்டது.

பதாகையைப் பார்த்த சாயங்காலம் அவளிடம் கேட்டேன்: “68-ஆ, 69-ஆ அத்தை?”

வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: “எதுவா இருந்தா என்னடா? நான் அதுக்கு ஒரு நாள் மூத்தவ.”