அடையாறு அத்தையை ஏழு ஆட்டத்தில் கவிழ்ப்பது எப்படி?

முதலில் ஸ்கூட் என்ற சொல்லை மறந்துவிடுங்கள். பதின்மூன்று சீட்டு ரம்மியிலேயே வளர்ந்த நமக்கு இது கஷ்டம்தான். கை மோசமாக வந்தால் 20 பாயிண்டைக் கொடுத்து, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முறுக்கு டப்பாவைத் தேடிப் போய்விடலாம். அத்தை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடக்கும் காண்ட்ராக்ட் ரம்மியில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்தால் கடைசி வரை உட்கார வேண்டும்.

ஆட்டம் இதுதான். இரண்டு கட்டு, நாலு ஜோக்கர், ஆக 108 சீட்டு. கட் ஜோக்கர் எல்லாம் இல்லை. செட் என்றால் ஒரே எண்ணில் மூன்று சீட்டு. சீக்வென்ஸ் என்றால் ஒரே ஜாதியில் வரிசையாக நாலு. நம் ஊர் வழக்கமான மூன்று இங்கே போதாது. முதல் ஆட்டத்துக்கு இரண்டு செட், இரண்டாவதுக்கு ஒரு செட்டும் ஒரு சீக்வென்ஸும், மூன்றாவதுக்கு இரண்டு சீக்வென்ஸ். நாலாவதுக்கு மூன்று செட். ஐந்தாவதில் இரண்டு செட், ஒரு சீக்வென்ஸ். ஆறாவதில் அதுவே தலைகீழ். ஏழாவதுக்கு மூன்று சீக்வென்ஸ். முதல் நாலு ஆட்டத்தில் கையில் 10 சீட்டு, பிறகு 12. கேட்டது சேர்ந்ததும் கீழே இறக்கலாம். இறக்கிய பிறகுதான் மற்றவர்கள் இறக்கியதோடு உங்கள் மிச்சச் சீட்டை ஒட்ட முடியும். யாராவது கையைக் காலி செய்ததும் மற்றவர் கையில் இருப்பதெல்லாம் பாயிண்ட்: எண்ணுக்கு எண், படச் சீட்டுக்கு 10, ஏஸுக்கும் ஜோக்கருக்கும் 15. குறைந்த பாயிண்ட் எடுத்தவர் ஜெயித்தவர்.

அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா பிள்ளை ஒரு தரம் ஃபேஸ் 10 கட்டு கொண்டுவந்தான். டெட்ராய்ட்காரர் கென்னத் ஜான்சன் 1982-ல் செய்த ஆட்டம், இதே ஜாதிதான். ஆனால் அதில் கேட்டது சேரவில்லை என்றால் அடுத்த ஆட்டத்திலும் அதே படியில் நிற்க வேண்டும். "ஃபெயிலானா அதே கிளாஸா? எங்க ஆட்டத்துல அரியர் வெச்சுண்டு மேல போயிடலாம்" என்று அத்தை அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இந்த அரியர் முறைதான் நம் திட்டத்துக்கெல்லாம் ஆதாரம். எல்லா ஆட்டத்திலும் பாஸாக வேண்டியதில்லை. எதில் எவ்வளவு தோற்கலாம் என்று தெரிந்தால் போதும்.

எப்படித் தோற்கக் கூடாது என்பதற்கு மயிலாப்பூர் மாமாவைப் பாருங்கள். மாமாவுக்கு ஜோக்கர் கலக்காத சீக்வென்ஸ் ஒன்று கையில் இல்லாவிட்டால் தூக்கம் வராது. போன மாதம் முதல் ஆட்டத்தில் அவருக்கு வந்தது இரண்டு ஏழு, இரண்டு ராணி, கிளாவரில் 3, 4, 5, அப்புறம் மூன்று உதிரி. கேட்பது இரண்டு செட். மாமா கிளாவரை விரல் நடுவில் செருகிக் கொண்டு, "பெரிய பாயிண்ட், எதுக்கு வெச்சுக்கணும்" என்று ராணிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு ஜோடி கையில் இருந்தால் அதை முடிக்க வெளியே அதே எண்ணில் இன்னும் 6 சீட்டு இருக்கிறது. மூன்று சீட்டு வரிசையை நாலாக்க இரண்டு முனைக்கும் சேர்த்து 4 தான்; நடுவில் ஓட்டை என்றால் வெறும் 2. மாமாவின் கிளாவரோ முதல் ஆட்டத்தில் எதற்கும் உதவாத அழகு. அவர் இறங்கவே இல்லை. இப்படி இறங்காமல் மாட்டிக்கொள்வதுதான் முதல் ஆறு ஆட்டத்திலும் பெரிய நஷ்டம். கட்டில் ஒரு சீட்டின் சராசரி எட்டுப் பாயிண்டுக்குக் கொஞ்சம் கீழே. பத்தும் கையில் நின்றால் கிட்டத்தட்ட எண்பது. இறங்கிவிட்டு நாலு சீட்டோடு மாட்டினால் முப்பதுதான். ஆகவே ஆறு ஆட்டம் வரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், இறங்கப் பாருங்கள். செட் கேட்கும் ஆட்டத்தில் ஜோடியைக் கும்பிடுங்கள். சீக்வென்ஸ் கேட்கும் மூன்றாவதும் ஏழாவதும் மயிலாப்பூர்க்காரர்களின் சொந்த மண், அங்கே மாமாவை யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

தி.நகர் சித்தியிடம் வேறு பாடம். அடுத்தவர் போட்ட சீட்டை, நம் முறை இல்லாதபோதும் வாங்கலாம். கூடவே கட்டிலிருந்து ஒன்றைத் தண்டமாக எடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று தடவை. சித்திக்கு இது ரங்கநாதன் தெரு. "கிடைக்கறப்போ எடுத்துக்கணும்" என்று மூன்று தரமும் வாங்கிவிடுவாள். ஒவ்வொரு வாங்கலும் கையில் இரண்டு சீட்டு, சராசரி 16 பாயிண்ட். நாலாவது ஆட்டத்தில் கேட்பது மூன்று செட், அதாவது 10 சீட்டில் 9. அங்கே ஜோடியை முடிக்கும் சீட்டு விழுந்தால் வாங்குவது நியாயம். "அப்புறம் உதவும்" என்று வாங்குவது நியாயமில்லை.

இப்போது ஏழாவது ஆட்டம். இங்கே பாதி இறங்குவது என்பதே கிடையாது. 12 சீட்டையும் ஒரே மூச்சில் மூன்று சீக்வென்ஸாகப் போட வேண்டும், போட்டவுடன் ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் முழுக் கையோடு மாட்டுவார்கள், சராசரியில் 95. ஆறு ஆட்டமாகச் சேர்த்த முன்னிலை இதில் காற்றோடு போய்விடும். அதனால் சீட்டைப் பார்க்குமுன் ஸ்கோர் நோட்டைப் பாருங்கள். பின்தங்கியிருந்தால் சீக்வென்ஸைத் துரத்துங்கள், வேறு வழியில்லை. முன்னால் இருந்தால்?

போன ஞாயிறு ஆறு ஆட்டம் முடிந்தபோது எனக்கு 212, அத்தைக்கு 268. மாமாவும் சித்தியும் முந்நூறைத் தாண்டி எங்கேயோ. எனக்கு வந்த கை: ஆட்டின் 2, 3, 4, 5. கிளாவர் 3, 4, 6. இஸ்பேட் 9, 10, ஜாக்கி, ராஜா. டைமன் ஏஸ். பார்த்தால் ஆசை வரும் கை. இஸ்பேட் ராணி வந்தால் வரிசை பிரமாதம். கூட்டினால் 81. அத்தை முந்தினால் எனக்கு 293, அவளுக்கு 268. ஆகவே நான் பிரமாதத்தைக் கைவிட்டேன். ஏஸை முதலில் போட்டேன், பிறகு ராஜா, பிறகு ஜாக்கி, பிறகு பத்து. பதிலுக்கு வந்த 2, 6, 4, 5 எதுவும் எதோடும் ஒட்டாத அநாதைகள். அத்தை கண்ணாடியை மேலே தள்ளிக் கொண்டு பார்த்தாள். ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும் ஒரு திறமை என்று 1967-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அத்தைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

"ஏண்டா, நாலு தரம் பெரிய சீட்டாவே போடறே. உனக்கு ஒண்ணும் சேரலையா?"

"சேரலை அத்தை."

உண்மைதான். அடுத்த சுற்றில் அத்தை 12 சீட்டையும் வரிசையாகப் பரப்பினாள். முகத்தில் ஆடிப் பெருக்கு. நான் என் குப்பையைக் கீழே வைத்தேன். கூட்டினால் 53. மொத்தம் 265, அத்தைக்கு அதே 268. மூன்று பாயிண்ட்.

"இது ஜெயிக்கறதா?" என்றாள் அத்தை. "ஸ்கூட் கிடையாதுன்னு சொல்லித்தானே உட்கார வெச்சேன்?"

அப்புறம் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி, முதல் ஆட்டத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.